தொலைந்த செயலிச் சாவியும் பதிவேற்றச் சாவி மீட்டமைப்பும்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் ஒவ்வொரு செயலியும் அதை உருவாக்கியவரின் எண்ணிமக் கையொப்பத்தைத் தாங்கியிருக்க வேண்டும். அந்தக் கையொப்பத்தை இடுவதற்குப் பயன்படும் இரகசிய எண்ணே கையொப்பச் சாவி எனப்படுகிறது. கணினி பழுதானாலோ, கடவுச்சொல் மறந்தாலோ, சாவியை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போனாலோ இந்தச் சாவி கைவிட்டுப் போகிறது. அதன் பிறகு அந்தச் செயலிக்குப் புதிய பதிப்பு வெளியிட முடியுமா என்பது, தொலைந்தது எந்தச் சாவி என்பதைப் பொறுத்தது. கூகுள் பிளே தளத்தில் செயலியின் உண்மையான சாவியை கூகுளே வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த செயலியானால், நிரலாளரிடமிருந்து தொலைந்தது பதிவேற்றச் சாவி மட்டுமே; அதைச் சில நாட்களில் மாற்றிக்கொள்ளலாம். சேராத செயலியானால் மாற்று வழி இல்லை.

## கைப்பேசி எதைச் சரிபார்க்கிறது

கையொப்பச் சாவி இரு பகுதிகளைக் கொண்டது. இரகசியப் பகுதி நிரலாளரிடம் இருக்கும். பொதுப் பகுதி ஒரு சான்றிதழில் பொதிந்து செயலியோடு சேர்ந்து எல்லாருடைய கைப்பேசிக்கும் போகும். இந்தச் சான்றிதழை அரசோ வேறு அமைப்போ வழங்குவதில்லை. நிரலாளரே தமக்குத் தாமே உருவாக்கிக்கொள்கிறார். எனவே அதிலுள்ள பெயரும் ஊரும் உண்மையா என்று கைப்பேசி ஆராய்வதில்லை. முன்பு நிறுவிய செயலியில் இருந்த அதே சான்றிதழ்தான் புதிய பதிப்பிலும் இருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. வங்கிக் கணக்கு தொடங்கும் நாளில் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு காசோலையில் உள்ள கையெழுத்தை ஒப்பிடுவது போன்றது இது.

ஒப்பீடு பொருந்தாவிட்டால் புதிய பதிப்பு நிறுவப்படாது. கணினியிலிருந்து நிறுவ முயன்றால் `INSTALL_FAILED_UPDATE_INCOMPATIBLE` என்ற பிழை தோன்றும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. புதுப்பிப்பாக உள்ளே வரும் செயலி, பழைய செயலி சேமித்து வைத்த எல்லாத் தரவையும் படிக்கலாம். வேறொருவர் அதே பெயரில் ஒரு செயலியைச் செய்து அதைப் ‘புதுப்பிப்பு’ என்று நுழைக்க முடிந்தால், பயனரின் கடவுச்சொற்களும் கணக்குகளும் அவர் கைக்குப் போய்விடும். சாவியைத் தொலைத்த நேர்மையான நிரலாளருக்கென ஒரு விதிவிலக்கு வைத்தால், அதே வழியைத் திருடனும் பயன்படுத்துவான். ஆகவே கைப்பேசியின் அளவில் விதிவிலக்கு எதுவும் வைக்கப்படவில்லை.

நிரலாளரின் கணினியில் சாவி தனித்து இருப்பதில்லை. கீஸ்டோர் எனப்படும் பூட்டிய கோப்புக்குள் அது இருக்கும். கோப்பின் பெயர் பெரும்பாலும் `.jks` அல்லது `.keystore` என முடியும். கோப்பைத் திறக்க ஒரு கடவுச்சொல்லும், உள்ளே இருக்கும் சாவிக்கு ஒரு புனைபெயரும், சில கோப்புகளில் சாவிக்கென்று தனியாக இன்னொரு கடவுச்சொல்லும் தேவைப்படும். கோப்பு கையில் இருந்து கடவுச்சொல் மறந்தாலும் சாவி தொலைந்ததற்குச் சமமே.

## ஒரு செயலிக்கு இரண்டு சாவிகள்

2017-ஆம் ஆண்டில் கூகுள் அறிமுகப்படுத்திய ‘பிளே ஆப் சைனிங்’ என்ற ஏற்பாடு இந்த வேலையை இரண்டாகப் பிரித்தது. செயலியின் உண்மையான கையொப்பச் சாவி கூகுளின் கணினிகளில் பாதுகாக்கப்படுகிறது. நிரலாளரிடம் பதிவேற்றச் சாவி என்ற வேறொரு சாவி இருக்கும். அவர் தாம் எழுதிய செயலியை அந்தச் சாவியால் ஒப்பமிட்டு அனுப்புகிறார். கூகுள் அந்த ஒப்பத்தைப் பார்த்து, அனுப்பியவர் உரியவர்தான் என்று உறுதி செய்துகொண்டு, தன்னிடமுள்ள உண்மையான சாவியால் ஒப்பமிட்டுப் பயனர்களுக்கு அனுப்புகிறது.

பள்ளிக்கூட வழக்கத்தில் சொன்னால், வகுப்பாசிரியர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்றிதழைத் தலைமையாசிரியர் பார்த்துப் பள்ளி முத்திரை இட்டு வெளியே அனுப்புவது போன்றது. வெளியே இருப்பவர்கள் முத்திரையை மட்டுமே அறிவார்கள். வகுப்பாசிரியர் மாறினால் புதியவரின் கையெழுத்தை அலுவலகம் குறித்துக்கொண்டால் போதும். முத்திரையை மாற்ற வேண்டியதில்லை. பதிவேற்றச் சாவி மீட்டமைப்பு என்பது இதுவே. தொலைந்த சாவி திரும்பக் கிடைப்பதில்லை. இனி எந்தச் சாவியின் ஒப்பத்தை ஏற்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கூகுளிடம் மாறுகிறது.

2021 ஆகஸ்டு முதல், புதிதாக வெளியாகும் செயலிகள் ‘ஆப் பண்டில்’ என்ற வடிவத்தில்தான் அனுப்பப்பட வேண்டும் என்று கூகுள் விதித்தது. அந்த வடிவத்திற்கு இந்த ஏற்பாடு கட்டாயம். எனவே அதற்குப் பின் முதன்முதலாக வெளியான செயலி எதுவானாலும் இதில் சேர்ந்ததே. அதற்கு முந்தைய செயலிகளில், உரிமையாளர் தாமாக விரும்பிச் சேர்ந்தவை மட்டுமே இதில் அடங்கும். அப்படிச் சேர்ந்த சிலர் தனியாகப் பதிவேற்றச் சாவி ஒன்றை உருவாக்காமல் பழைய சாவியையே இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். அவர்களும் அதைத் தொலைத்தால் மீட்டமைப்புக் கோரலாம். உண்மையான சாவியின் பிரதி ஏற்கெனவே கூகுளிடம் இருக்கிறது.

## கோருவதற்கு முன்

செயலி எந்த வகை என்பதை பிளே கன்சோலில் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். `App integrity` பகுதியில் ஒப்பமிடலுக்கான பக்கத்தைத் திறந்தால், `App signing key certificate`, `Upload key certificate` என இரண்டு சான்றிதழ்கள் தனித்தனியாகக் காட்டப்படும். ஒவ்வொன்றின் கீழும் அதன் கைரேகை இருக்கும். கைரேகை என்பது சான்றிதழிலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எழுத்து வரிசை. இரண்டு சான்றிதழ்கள் ஒன்றா என்று பார்க்க அது போதும். கன்சோலின் பட்டியல்களை கூகுள் அவ்வப்போது இடம் மாற்றுவதால், பழைய காணொளிகள் காட்டும் இடத்தில் பக்கம் இல்லை என்று திகைக்க வேண்டாம்.

பலர் சாவி தொலைந்துவிட்டதாக எண்ணும்போது, உண்மையில் அவர்கள் தவறான சாவியால் ஒப்பமிட்டிருப்பார்கள். சோதனைக்காக ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானே உருவாக்கும் `debug.keystore` என்ற கோப்பு இதில் அடிக்கடி சிக்கும். இன்னொரு செயலியின் கீஸ்டோரை எடுத்துவிடுவதும் உண்டு. ஒப்பமிட்ட கோப்பில் எந்தச் சான்றிதழ் இருக்கிறது என்பதை இந்தக் கட்டளை காட்டும்:

```
keytool -printcert -jarfile app-release.aab
```

இதில் வரும் `SHA1` வரியும் கன்சோலில் பதிவேற்றச் சான்றிதழின் கீழ் உள்ள வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் சரியான கீஸ்டோர் வேறெங்கோ இருக்கலாம் என்று பொருள். பழைய கணினி, பென் டிரைவ், மின்னஞ்சல் இணைப்புகள் ஆகியவற்றில் `.jks` என்று தேடுவது முதல் வேலை.

கோப்பு கிடைத்துக் கடவுச்சொல் மட்டும் மறந்திருந்தால், திட்டக் கோப்புறையில் `key.properties` அல்லது `gradle.properties` இருக்கிறதா என்று பார்க்கலாம். பிளட்டர் கொண்டு எழுதியவர்களின் `key.properties` கோப்பில் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே எழுதப்பட்டிருக்கும். பாதுகாப்பு நோக்கில் அது நல்ல பழக்கமன்று. ஆனால் பலரைக் காப்பாற்றியதும் அதுவே. கீஸ்டோர் பழைய `JKS` வகையானால் இன்னொரு வசதி உண்டு. `keytool -list -v -keystore` என்ற கட்டளை கடவுச்சொல் கேட்கும்போது எதுவும் தட்டாமல் என்டர் அழுத்தினாலும், எச்சரிக்கையோடு புனைபெயரையும் கைரேகையையும் காட்டிவிடும். இது தேடுகிற கோப்புதானா என்று தெரிந்துகொண்ட பிறகு கடவுச்சொல்லை யோசிக்கலாம். புதிய `PKCS12` வகையில் இது நடக்காது.

## மீட்டமைப்பு நடக்கும் விதம்

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்க்கலாம். கல்லூரி மாணவி ஒருவர் 2022-இல் குழந்தைகளுக்கான வாய்ப்பாடு செயலி ஒன்றை வெளியிட்டார். 2025-இல் அவருடைய மடிக்கணினியின் வன்தட்டு பழுதானது. நிரல் முழுவதும் கிட்ஹப்பில் இருந்தது. ஆனால் இரகசியக் கோப்புகள் அங்கே போகக் கூடாது என்பதால் `.gitignore` பட்டியலில் கீஸ்டோரைச் சேர்த்திருந்தார். அது சரியான செயலே; வேறொரு பிரதி இல்லாததுதான் குறை. அந்த ஆண்டு ஆகஸ்டு 31-க்குள் செயலியைப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்பத் திருத்தி வெளியிடாவிட்டால், புதிய கைப்பேசி வைத்திருக்கும் புதுப் பயனர்களுக்கு அது பிளே தளத்தில் தென்படாது. அவர் விவரத்தை உணர்ந்த நாள் ஆகஸ்டு 26.

முதலில் அவர் புதிய கீஸ்டோர் ஒன்றை உருவாக்கினார்:

```
keytool -genkeypair -v -keystore upload2.jks -alias upload2 -keyalg RSA -keysize 2048 -validity 10000
```

`-validity` என்பது சான்றிதழ் செல்லுபடியாகும் நாட்களின் எண்ணிக்கை. 10000 நாள் என்பது 27 ஆண்டுக்குச் சற்று அதிகம். கட்டளையை இட்டதும் பெயர், ஊர் முதலியவற்றைக் கேட்கும். அவை பழைய சாவியில் இருந்தபடியே இருக்க வேண்டிய அவசியமில்லை. கணினி `keytool` என்ற கட்டளையை அறியவில்லை என்று சொன்னால், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ நிறுவிய இடத்தில் `jbr` கோப்புறைக்குள் உள்ள `bin` கோப்புறையில் அது இருக்கும்.

அடுத்து, அதன் பொதுப் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக எடுத்தார்:

```
keytool -exportcert -rfc -keystore upload2.jks -alias upload2 -file upload_certificate.pem
```

கூகுளுக்கு அனுப்ப வேண்டியது இந்த `.pem` கோப்பை மட்டுமே. சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் முதல் வரியில் `-----BEGIN CERTIFICATE-----` என்று இருக்க வேண்டும். `.jks` கோப்பை யாருக்கும் அனுப்பக் கூடாது. அதில்தான் இரகசியம் இருக்கிறது. ‘உதவி செய்கிறேன், கீஸ்டோரையும் கடவுச்சொல்லையும் அனுப்புங்கள்’ என்று இணையத்தில் யாராவது கேட்டால் விலகிவிடுவதே நல்லது.

பிறகு கன்சோலில் அந்தச் செயலியின் ஒப்பமிடல் பக்கத்திற்குப் போய் `Request upload key reset` என்பதைத் தேர்ந்தெடுத்தார். சாவி தொலைந்தது, கடவுச்சொல் மறந்தது, சாவி பிறர் கைக்குப் போனது போன்ற காரணங்களுள் ஒன்றைக் குறிப்பிட்டு, `.pem` கோப்பை இணைத்து அனுப்ப வேண்டும். கணக்கின் உரிமையாளரே இதைக் கோர வேண்டும். அழைப்பின் பேரில் கணக்கில் சேர்க்கப்பட்ட உதவியாளருக்கு அந்தப் பொத்தான் கிடைக்காமல் போகலாம்.

கோரிக்கை ஏற்கப்பட்டதும் ஒரு மின்னஞ்சல் வரும். புதிய சாவி எந்த நாள், எந்த மணியிலிருந்து செல்லும் என்று அதில் இருக்கும். வழக்கமாக ஏறத்தாழ இரண்டு நாள் இடைவெளி விடப்படுகிறது. அவசரத்தில் இருப்பவருக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் கணக்கில் திருட்டுத்தனமாக நுழைந்த ஒருவர் இதைக் கோரியிருந்தால், உண்மையான உரிமையாளர் மின்னஞ்சலைக் கண்டு விழித்துக்கொள்ள அந்த இரண்டு நாள் பயன்படும்.

மாணவிக்கு வந்த மின்னஞ்சலில் ஆகஸ்டு 28, காலை 6:40 UTC என்று இருந்ததாகக் கொள்வோம். அவர் 28-ஆம் நாள் காலை ஏழு மணிக்கே செயலியைப் பதிவேற்றினார். `Your Android App Bundle is signed with the wrong key` என்ற பிழை வந்தது. அதன் கீழே, எதிர்பார்க்கும் கைரேகை என்று பழைய சாவியின் கைரேகையும், வந்திருக்கும் கைரேகை என்று புதிய சாவியின் கைரேகையும் காட்டப்பட்டன. மீட்டமைப்பு தோற்றுவிட்டது என்று பலர் பதறி, இன்னொரு சாவியை உருவாக்கி இன்னொரு கோரிக்கை அனுப்புவது இந்த இடத்தில்தான். உண்மையில் எந்தத் தவறும் நடக்கவில்லை. UTC நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் இந்திய நேரம்; புதிய சாவி செல்லுபடியாவது பகல் 12:10-க்கு. அந்த நேரத்திற்குப் பின் அதே கோப்பை மறுபடி ஏற்றினால் போதும்.

குறித்த நேரம் கடந்த பிறகும் அந்தப் பிழை வந்தால், பிழைச் செய்தியில் உள்ள இரண்டு கைரேகைகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். எதிர்பார்க்கும் கைரேகை புதிய சாவியுடையதாக மாறியிருந்தால், கூகுளின் பக்கம் வேலை முடிந்துவிட்டது. கோளாறு நிரலாளரின் பக்கத்தில் இருக்கிறது. `key.properties` கோப்பு பழைய கீஸ்டோரையோ பழைய புனைபெயரையோ சுட்டிக்கொண்டிருக்கலாம். தானியங்கியாகச் செயலியைக் கட்டி அனுப்பும் சேவையில் பழைய கீஸ்டோரின் பிரதி இன்னும் இருக்கலாம். முன்பு கட்டிய கோப்பையே தவறுதலாக மறுபடி ஏற்றியிருக்கவும் கூடும்.

## எது மாறுவதில்லை

பயனர்களின் கைப்பேசியில் இந்த மீட்டமைப்பால் எந்த வேறுபாடும் தெரியாது. அவர்களுக்குப் போகும் செயலியில் இருப்பது கூகுள் வைத்திருக்கும் உண்மையான சாவியின் ஒப்பம், அது மாறவில்லை. ஏற்கெனவே நிறுவியவர்களுக்குப் புதுப்பிப்பு வழக்கம்போல் போகும்.

ஆயினும் ஒரு குழப்பம் இங்கே அடிக்கடி நேர்கிறது. கூகுள் வரைபடம், கூகுள் கணக்கால் உள்நுழைதல் போன்ற சேவைகளுக்குச் செயலியின் கைரேகையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பிளே வழியாகப் போகும் செயலிக்கு அங்கே இருக்க வேண்டியது உண்மையான சாவியின் கைரேகை. பதிவேற்றச் சாவி மாறிவிட்டதே என்று எண்ணி அந்தக் கைரேகையை நீக்கிவிட்டுப் புதிய பதிவேற்றச் சாவியின் கைரேகையை இட்டால், அதுவரை நன்றாக இருந்த உள்நுழைவு எல்லாப் பயனர்களுக்கும் நின்றுபோகும். பழையதை அப்படியே விட்டுவிட வேண்டும். தம் கணினியில் கட்டிய செயலியை நேரடியாகக் கைப்பேசியில் ஏற்றிச் சோதிப்பவர்கள் மட்டும் புதிய பதிவேற்றச் சாவியின் கைரேகையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் நிரலாளர் காக்க வேண்டிய பொருளும் மாறிவிடுகிறது. சாவிக்கோப்பு தொலைந்தால் கணக்கைக் கொண்டு புதுச் சாவி பெறலாம். கணக்கே தொலைந்தால் மீட்டமைப்பைக் கோர ஆள் இல்லை. கல்லூரித் திட்டப்பணியாகவோ சிறு கடைக்காகவோ செய்யப்படும் செயலிகள் பல, செய்து கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் வெளியாகின்றன. அவர் தொடர்பற்றுப் போனால், கீஸ்டோர் கடைக்காரரின் கையில் இருந்தும் பயனில்லை.

## மீட்க முடியாத நிலை

2021-க்கு முன் வெளியாகி, பிளே ஆப் சைனிங்கில் சேராமல் இருக்கும் செயலிகளில் நிரலாளரிடம் இருப்பதே ஒரே சாவி. அது தொலைந்த பின் அந்த ஏற்பாட்டில் சேரவும் முடியாது. சேர்வதற்கு அந்தச் சாவியைத்தான் கூகுளிடம் ஒப்படைக்க வேண்டும். கூகுளுக்கு எழுதியும் பயனில்லை, ஏனெனில் அவர்களிடம் பிரதி கிடையாது. வெளியான செயலியிலிருந்து சாவியைக் கணக்கிட்டு எடுக்கவும் இயலாது; அதில் இருப்பது பொதுப் பகுதி மட்டுமே. கடவுச்சொல்லைப் பகுதியளவில் நினைவு வைத்திருப்பவர்கள் மாற்றி மாற்றி முயன்று பார்க்கும் மென்பொருள்கள் உண்டு. கோப்பு கையில் இருந்தால் மட்டுமே அவற்றுக்கு வேலை.

ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு செயலியின் சாவியைப் புதிய சாவிக்கு மாற்றும் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த மாற்றத்தைப் பழைய சாவியே ஒப்பமிட்டு அனுமதிக்க வேண்டும். பழைய சாவி இல்லாதவருக்கு அந்த வசதி திறக்காது.

எஞ்சியிருப்பது புதிய தொகுப்புப் பெயரில் புதிய செயலியாக வெளியிடுவது. `com.example.kadai` என்று இருந்தது `com.example.kadai2` என்பது போல ஆகும். பிளே தளத்தின் கண்ணில் அது முற்றிலும் புதியது. பழைய மதிப்புரைகளும் நிறுவல் எண்ணிக்கையும் அதற்கு வாரா. பழைய செயலி கைப்பேசியில் சேமித்த தரவைப் புதிய செயலியால் படிக்க முடியாது. தரவு சேவையகத்தில் இருந்தால் பயனர் மறுபடி உள்நுழைந்து பெற்றுக்கொள்ளலாம். கைப்பேசியில் மட்டும் இருந்தால், பழைய செயலியில் ஏற்றுமதி வசதி முன்பே இருந்தாலன்றி அதைக் கொண்டுசெல்ல வழியில்லை.

பழைய பயனர்களுக்குச் செய்தி சொல்வதும் எளிதன்று. புதுப்பிப்பு அனுப்ப முடியாததால் செயலிக்குள் புதிதாக அறிவிப்பு எதையும் சேர்க்க முடியாது. செயலி ஏற்கெனவே சேவையகத்திலிருந்து அறிவிப்புகளைப் பெறும் வகையில் எழுதப்பட்டிருந்தால், அந்த வழியில் புதிய செயலியின் இணைப்பை அனுப்பலாம். பிளே பக்கத்திலுள்ள விவரக் குறிப்பைத் திருத்தச் சாவி தேவையில்லை; அங்கேயும் இணைப்பை இடலாம். பழைய செயலியை உடனே பிளேயிலிருந்து விலக்கிவிடுவதைவிட, பயனர்கள் மாறும் வரை சில மாதம் அப்படியே விட்டுவைப்பது நல்லது. விலக்கினாலும் நிறுவியவர்களின் கைப்பேசியில் அது தொடர்ந்து இயங்கும். புதிதாகத் தேடி வருகிறவர்களுக்குத்தான் பழைய பக்கமும் அதிலுள்ள அறிவிப்பும் தென்படாமல் போகும்.